'இன்றே கடைசி' என்று எழுதுவதற்கு முன்

தைப்பிங் மழை எந்தத் தாளையும் விட்டுவைப்பதில்லை. தீபாவளிக்கு முன் ஒரு துணிக்கடை வாசலில் 'இன்றே கடைசி' என்ற அறிவிப்பைப் பார்த்தேன். மை கரைந்து ஒழுகியிருந்தது, ஓரங்கள் மஞ்சள் பூத்திருந்தன. பல நாள் நனைந்த தாள் அது. அறிவிப்பைப் படித்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

கடைக்கு விளம்பரம் எழுதுபவர் முதலில் முதலாளியிடம் ஒன்றைக் கேட்க வேண்டும்: இந்த விலை ஏன் முடிகிறது? "அப்பதான் ஆள் வருவாங்க" என்பது காரணம் ஆகாது. 'நாற்பது பருத்திச் சேலைகள் மிச்சம், இந்த வடிவம் இனி வராது' என்பது காரணம். அதை அப்படியே எழுதுங்கள். உண்மையான காரணம் இருந்தால் 'ஓடி வாருங்கள்' தேவைப்படாது.

அடுத்தது விலை. '120 வெள்ளி, இப்போது 89' என்றால், அந்தச் சேலை உண்மையிலேயே 120 வெள்ளிக்கு விற்றிருக்க வேண்டும். பழைய ரசீதை எடுத்துப் பாருங்கள். சலுகைக்காகவே ஏற்றிய விலையைப் பழைய விலையாகக் காட்டினால் அது பொய்.

பிறகு நாளும் அளவும். 'சில நாட்களுக்கு மட்டும்' வேண்டாம். 'ஞாயிறு இரவு 9 மணி வரை, அல்லது நாற்பதும் தீரும் வரை' என்று எழுதுங்கள். நாளைத் தேர்வு செய்யும்போது வாங்குபவரின் சம்பள நாளையும் நினைத்துப் பாருங்கள். மாதக் கடைசியில் கூலி வாங்கும் தோட்டத்துக் குடும்பத்துக்கு 27-ஆம் தேதியோடு முடியும் சலுகை கடன் வாங்கச் சொல்வதற்குச் சமம். சம்பள நாளுக்குப் பிறகு தள்ளி வைத்தால் கடைக்குப் பெரிய நட்டமில்லை.

கையில் ஐந்தே சேலையை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க விளம்பரம் செய்வது இன்னும் மோசம். மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு இதைத் தடுக்கிறது: சொன்ன விலையில், நியாயமான காலத்துக்கு, நியாயமான அளவில் தர முடியும் என்று நம்ப உங்களுக்குக் காரணம் இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைவென்றால் எண்ணையே போட்டுவிடுங்கள்.

இணையக் கடையில் ஓடும் கடிகாரத்தைச் சோதிப்பது எளிது. அதே பக்கத்தை வேறொரு கைப்பேசியில் திறந்து பாருங்கள். அங்கேயும் '15 நிமிடம்' முதலிலிருந்து தொடங்கினால் அந்தக் கடிகாரம் ஆளைப் பார்த்து ஓடுகிறது, சலுகையைப் பார்த்து அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005 நெறிமுறையில், குறுகிய காலம் மட்டுமே கிடைக்கும் என்று பொய் சொல்வது எந்தச் சூழலிலும் தடை செய்யப்பட்ட செயல்களில் ஒன்று.

சேலை மிஞ்சி, நாளை நீட்டிக்க வேண்டி வந்தால்? 'பன்னிரண்டு மிஞ்சியிருக்கிறது, புதன் வரை அதே விலை' என்று ஒருமுறை சொல்லலாம். இரண்டாம் முறை நீட்டிக்காதீர்கள், அதையே வழக்கமான விலையாக்கிவிடுங்கள்.

கடைசி நாள் இரவு கடையைப் பூட்டும்போது, வாசலில் ஒட்டிய தாளை நீங்களே கிழித்து எடுத்துவிடுங்கள்.