நேர்காணலுக்கு முந்திய நாள்

சுங்கை பினாங்கில் வசிக்கும் மாணவி ஒருவருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்துள்ளதாகக் கொள்வோம். மாணவர் விசாவுக்கான நேர்காணல் கோலாலம்பூர், ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நடைபெறும். அதிகாரியுடன் பேசும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்களே. ஆனால், அதைத் தவறவிட்டால் மீண்டும் முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டும். அதற்குள் பல்கலைக்கழகச் சேர்க்கை நாள் கடந்துவிடக்கூடும்.

நேர்காணல் செவ்வாய்க்கிழமை காலை 8.30 மணிக்கு என்றால், அன்று விடியற்காலையில் பினாங்கிலிருந்து புறப்படுவது ஆபத்தானது. பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு மின்சார இரயிலில் செல்லவே ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். இரவுப் பேருந்தில் சென்றால் நெடுஞ்சாலை நெரிசலும் தூக்கமின்மையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே, அம்மாணவி திங்கட்கிழமை காலையிலேயே படகில் பட்டர்வொர்த்துக்குச் சென்று, படகுத்துறைக்கு அருகிலுள்ள நிலையத்தில் இரயில் ஏறுவது நல்லது. அந்த இரயில் தாமதமானாலும், அடுத்ததில் செல்ல நேர்ந்தாலும், ஒரு பகல் முழுவதும் கையில் இருக்கும்.

பயணத்திற்கு முன்பே ஆவணங்களை மேசைமீது பரப்பிச் சரிபார்க்க வேண்டும். கடப்பிதழ், டி.எஸ்.-160 படிவத்தின் உறுதிப்பக்கம், நேர்காணல் உறுதிக் கடிதம், பல்கலைக்கழகம் வழங்கிய ஐ-20 படிவம் ஆகியவை முதன்மையானவை. ஐ-20 மின்னஞ்சலில் வந்திருந்தால், அதை அச்சிட்டு மாணவி கையொப்பமிட வேண்டும். கட்டண இரசீது, தேர்வுச் சான்றிதழ்கள், செலவை ஏற்பவரின் வங்கி அறிக்கை ஆகியவற்றையும் உடன் வைத்திருக்க வேண்டும். சான்றிதழ்களின் நகல் மட்டும் போதாது. அதிகாரி மூலத்தைக் கேட்கலாம். வீட்டில் மறந்து வைத்த ஒரு தாளை எடுத்துவர, போகவர 8 மணி நேரத்துக்கும் மேலாகும்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கியதும், கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. இரயிலில் அம்பாங் பார்க் நிலையத்திற்குச் செல்லலாம். அப்பகுதியில் தங்கினால் தூதரகத்திற்கு நடந்தே செல்ல முடியும். மாலையில் ஒருமுறை நடந்து பார்த்து, நுழைவாயிலை அறிந்துகொண்டால் மறுநாள் தேட வேண்டியதில்லை. அருகில் தங்குவதில் இன்னொரு பயனும் உண்டு. தூதரகத்தினுள் பெரிய பைகளையும் மின்னணுக் கருவிகளையும் கொண்டு செல்லக் கட்டுப்பாடுகள் உள்ளன. அவற்றை அறையிலேயே விட்டுச் செல்லலாம். இதனால்தான், கைத்தொலைபேசியில் உள்ள ஆவணங்களை நம்பாமல் அச்சிட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.

விசா அங்கீகரிக்கப்பட்டாலும் அன்றே கையில் கிடைக்காது. விசா ஒட்டுவதற்காகக் கடப்பிதழைத் தூதரகம் வைத்துக்கொள்ளும். அதனால், விடுதியில் பதியவும் ஊர் திரும்பவும் மாணவியிடம் அடையாள அட்டை இருக்க வேண்டும். கடப்பிதழ் விசாவுடன் திரும்பிய பிறகே அமெரிக்காவுக்கான விமானச் சீட்டை வாங்குவது பாதுகாப்பானது.