நாயின் பிசுபிசுப்பான தோலும் ஓயாத பாத நக்கலும்: ஈஸ்ட் தொற்றைக் கையாளும் முறை

டெல்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை நீளும் மழைக்காலப் புழுக்கத்தில் நாய்களின் தோலில் மலசீசியா என்னும் ஈஸ்ட் எளிதில் பெருகுகிறது. இது வெளியிலிருந்து வந்து தொற்றுவதல்ல. ஆரோக்கியமான நாயின் தோலிலும் சிறிதளவு எப்போதும் இருக்கும். ஒவ்வாமையோ தைராய்டு குறைபாடோ தோலின் காப்பைக் குலைக்கும்போதுதான் அது கட்டுமீறுகிறது. காக்கர் ஸ்பானியல், ஷிட்சு போன்ற இனங்களில் இது அதிகம்.

ஊசிப்போன எண்ணெய் வாடை, கைக்கு ஒட்டும் மயிர், எச்சில் பட்டுப் பழுப்பேறிய விரலிடுக்கு ஆகியவை முதல் அடையாளங்கள். நாள்பட்டால் அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோல் கறுத்துத் தடிக்கும். ஆனால் சொறிப்பூச்சியும் பாக்டீரியா தொற்றும் இதே தோற்றம் தரக்கூடும் என்பதால், பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்வது தவறு.

எனவே மருத்துவர் முதலில் ஒட்டும் டேப்பைத் தோலில் அழுத்தியெடுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார். மொட்டுவிடும் ஈஸ்ட் செல்கள் நிலக்கடலை வடிவில் தெரியும். ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில செல்களே கடும் அரிப்பைத் தரும். அதனால் எண்ணிக்கை குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. பூச்சியைத் தேடத் தோலைச் சுரண்டியும் பார்ப்பார்.

சிகிச்சையின் அடித்தளம் ஷாம்பு. 2 சதவீத மைக்கோனசோலும் 2 சதவீத குளோர்ஹெக்சிடினும் சேர்ந்த ஷாம்புவுக்கு நல்ல ஆய்வுச் சான்று உண்டு. வாரம் இருமுறை, குறைந்தது மூன்று வாரம் குளிப்பாட்ட வேண்டும். நுரை தோலில் 10 நிமிடம் இருக்க வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கண்ணில் படாமல் அலசி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துவட்ட வேண்டும்.

10 கிலோ எடையுள்ள ஒரு காக்கர் ஸ்பானியலுக்கு ஈஸ்ட் தொற்று உடலெங்கும் பரவியிருப்பதாகக் கொள்வோம். ஷாம்புவோடு மருத்துவர் இட்ராகோனசோல் தரலாம்: கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், உணவோடு, சுமார் மூன்று வாரம். பசியின்மையோ வாந்தியோ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும், கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். கீட்டோகோனசோலும் பயன்படுகிறது. ஆனால் உண்ணிக்காக ஐவர்மெக்டின் போட்டிருந்தால் அதை முன்பே தெரிவிப்பது அவசியம், ஏனெனில் இரண்டும் சேர்ந்தால் நரம்பு பாதிக்கப்படலாம்.

மருந்துக்கடையில் கிடைக்கும், ஸ்டீராய்டு கலந்த மும்மருந்துக் களிம்பை மனிதருக்குப் போலவே நாயின் பாதத்திலும் பூசுவது பரவலான பழக்கம். அரிப்பு உடனே அடங்கும். ஆனால் நாய் அதை நக்கி விழுங்குகிறது, தோல் மெலிகிறது, நிறுத்தியதும் நோய் திரும்புகிறது.

மூன்று வாரத்துக்குப் பின் மீண்டும் டேப் பரிசோதனை செய்ய வேண்டும். ஈஸ்ட் போயும் நக்கல் நிற்கவில்லையென்றால் பெரும்பாலும் ஒவ்வாமையே மூலமாக இருக்கும். அப்போது தெள்ளுப்பூச்சித் தடுப்பை முறைப்படுத்தி, எட்டு வாரம் அந்த நாய் இதுவரை உண்ணாத ஒரே வகைப் புரதத்தை மட்டும் கொடுத்துப் பார்ப்பார்கள். அதிலும் மாற்றமில்லையென்றால் சூழல் ஒவ்வாமைக்கான சிகிச்சை தொடங்கும். அத்தகைய நாய்களுக்கு மழைக்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை மருந்து ஷாம்புக் குளியலைத் தொடர்வது வழக்கம்.