பழைய தங்க நகையை விற்கும்போது: உடைமைக் காலமும் மூலதன ஆதாய வரியும்

தங்கத்தின் விலை ஏறியுள்ள இக்காலத்தில் பெட்டகத்தில் கிடந்த பழைய நகைகளை விற்கவோ, புதிய நகைக்கு மாற்றவோ பலர் முன்வருகின்றனர். ஆஸ்திரேலியாவில் வரிக் கடமையுடைய குடியிருப்பாளர் ஒருவர் தம் நகையை விற்று ஆதாயம் பெற்றால், அந்த ஆதாயம் அவருடைய அவ்வாண்டு வருமானத்துடன் சேர்க்கப்படும். இதனையே மூலதன ஆதாய வரி என்பர். நகை எத்தனை காலம் அவருடைய உடைமையாக இருந்தது என்பதைப் பொறுத்து இவ்வரியின் அளவு பாதியாகக் குறையலாம். அக்காலம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதே பலர் தவறாகக் கணிக்கும் இடம். 2024–25 நிதியாண்டுக்குரிய விதிகளின்படி இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

பன்னிரண்டு மாத விதி

மூலதன ஆதாயத்துக்கெனத் தனி வரி விகிதம் கிடையாது. ஆதாயத் தொகை சம்பளம் போன்ற ஏனைய வருமானத்துடன் கூட்டப்பட்டு, அவரவர்க்குரிய விகிதத்தில் வரி விதிக்கப்படும். ஆனால் குடியிருப்பாளர் ஒருவர் நகையைக் குறைந்தது 12 மாதங்கள் உடைமையாக வைத்திருந்து விற்றால், ஆதாயத்தில் 50 சதவீதம் கழிக்கப்பட்டு, எஞ்சிய பாதி மட்டுமே வருமானத்தில் சேரும். 12 மாதங்கள் நிறையாவிடின் முழு ஆதாயமும் சேரும். ஆகவே ஒருவருக்குரிய வரி, மருத்துவக் காப்பு வரியுடன் சேர்த்து 32 சதவீதமாக இருந்தால், நீண்ட காலம் வைத்திருந்த நகையின் ஆதாயத்துக்கு அது நடைமுறையில் 16 சதவீதமாகிறது. 12 மாதங்களுக்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தாலும் இக்கழிவு மேலும் கூடுவதில்லை.

பெற்ற நாளும் விற்ற நாளும் இக்கணக்கில் சேர்வதில்லை. 2024 ஆகஸ்ட் 18ஆம் நாள் கைக்கு வந்த நகைக்கு இக்கழிவைப் பெற, 2025 ஆகஸ்ட் 19ஆம் நாளோ அதற்குப் பின்னரோ விற்க வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் கழிவு கிடையாது. பழைய நகையைக் கடையில் கொடுத்துப் புதிய நகை வாங்குவதும் விற்பனையே ஆகும். கையில் பணம் வராவிட்டாலும், பழைய நகைக்காகக் கடைக்காரர் கழித்துக்கொடுத்த தொகையே விற்பனை விலையாகக் கொள்ளப்படும்.

காலக் கணக்கு தொடங்கும் நாள்

கடையில் வாங்கிய நகைக்கு, வாங்கிய நாளே தொடக்க நாள். அதற்குக் கொடுத்த விலையே கொள்விலை. செய்கூலியும் சேதாரமும் அதில் அடங்கும். ஏனைய வகைகளில் வந்த நகைகளுக்கு விதி வேறுபடுகிறது.

முதலாவது அன்பளிப்பு. திருமணத்திலோ பிள்ளைப்பேற்றின்போதோ ஒருவர் கொடுத்த நகைக்கு, அது கைக்கு வந்த நாளே தொடக்க நாள். அன்றைய சந்தை மதிப்பே கொள்விலை. கொடுத்தவர் அதனை 30 ஆண்டுகள் அணிந்திருந்தாலும் அக்காலம் பெற்றவரின் கணக்கில் சேராது. கொடுத்தவரும் ஆஸ்திரேலியக் குடியிருப்பாளராயின், அவர் அன்றைய சந்தை மதிப்புக்கு நகையை விற்றதாகவே கருதப்பட்டு, அவருடைய ஆதாயமும் கணக்கிடப்படும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மரபுரிமை. ஆஸ்திரேலியக் குடியிருப்பாளராக வாழ்ந்து மறைந்த தாயாரின் நகை மகளுக்கு வந்தால், தாயார் அதனைப் பெற்ற நாளிலிருந்தே 12 மாதங்கள் எண்ணப்படும். தாயாரின் கொள்விலையே மகளின் கொள்விலையாகும். தாயார் 1985 செப்டம்பர் 20க்கு முன் பெற்ற நகையாயின், அவர் மறைந்த நாளே தொடக்க நாளாகவும், அன்றைய சந்தை மதிப்பே கொள்விலையாகவும் அமையும். ஒரே வளையல் தாயார் உயிருடன் இருக்கையில் கொடுக்கப்பட்டால் ஒரு கணக்கு, மறைவுக்குப் பின் வந்தால் வேறொரு கணக்கு என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, புலம்பெயர்ந்து வந்தபோது கொண்டுவந்த நகை. நிரந்தர விசாவுடன் வந்து வரிக்குரிய குடியிருப்பாளராக ஆனவர், அந்நாளில் தம்மிடம் இருந்த நகைகளை அன்றைய சந்தை மதிப்புக்குப் புதிதாகப் பெற்றவராகக் கருதப்படுவார். ஊரில் இருபது ஆண்டுகளுக்கு முன் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தாலும், அந்த இருபது ஆண்டுகளின் விலையேற்றத்துக்கு இங்கே வரி இல்லை. அதே வேளையில் 12 மாதக் கணக்கும் குடியிருப்பாளராக ஆன அந்நாளில்தான் தொடங்குகிறது. வந்த முதல் ஆண்டிலேயே விற்பவருக்கு அதனாற்றான் கழிவு கிடைப்பதில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர் விற்கும் நகைக்கு இவ்வரி பொதுவாக இல்லை; அவர் நிரந்தர விசா பெறும் நாளில் மேற்கூறிய கணக்கு தொடங்கும். ஆயினும் வாழ்க்கைத்துணை குடிமகனாகவோ நிரந்தர விசா உடையவராகவோ இருந்தால், தற்காலிக விசா உடையவருக்கும் இச்சலுகை பொருந்தாது.

1985 செப்டம்பர் 20க்கு முன் ஒருவர் தாமே பெற்று இன்றுவரை வைத்திருக்கும் நகைக்கு இவ்வரி அறவே இல்லை.

ஐந்நூறு டாலர் வரம்பு

வரிச் சட்டம் நகையைச் சேகரிப்புப் பொருள் என்னும் வகையில் வைத்துள்ளது. 500 டாலர் அல்லது அதற்குக் குறைந்த விலைக்குப் பெற்ற நகையின் ஆதாயத்துக்கு வரி இல்லை. இங்கே பார்க்கப்படுவது கொள்விலையே. விற்ற விலை அன்று. அன்பளிப்பாக வந்த நகைக்கும், புலம்பெயர்கையில் கொண்டுவந்த நகைக்கும் உரிய நாளின் சந்தை மதிப்பைக் கொண்டு இவ்வரம்பு சோதிக்கப்படும். ஒரே தொகுதியாக அமைந்த நகைகளை வரம்புக்குள் கொண்டுவரும் நோக்கில் பிரித்து விற்றாலும், அவை ஒரே தொகுதியாகவே கருதப்படும். நகை விற்றதில் இழப்பு ஏற்பட்டால், அதனை வேறொரு சேகரிப்புப் பொருளின் ஆதாயத்திலிருந்து மட்டுமே கழிக்கலாம். பங்கு, வீடு ஆகியவற்றின் ஆதாயத்திலிருந்து கழிக்க இயலாது. பயன்படாத இழப்பைப் பின்வரும் ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம்.

ஒரு கணக்கு

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பெண்மணி ஒருவர் 2016 மார்ச் 15 அன்று நிரந்தர விசாவுடன் மதுரையிலிருந்து வந்து குடியிருப்பாளரானார். அப்போது அவரிடம் 10 பவுன் ஆரம் ஒன்றும், ஒரு பவுன் மோதிரம் ஒன்றும் இருந்தன. அவற்றின் அன்றைய சந்தை மதிப்பு முறையே 4,000 டாலரும் 400 டாலரும் ஆகும். மதுரையில் வாழும் மாமியார் 2024 ஆகஸ்ட் 18 அன்று அவருக்கு 3 பவுன் வளையல்களை அன்பளிப்பாகக் கொடுத்தார். அவற்றின் அன்றைய மதிப்பு 2,600 டாலர். 2025 மே 12 அன்று அவர் இம்மூன்றையும் ஒரே கடையில் விற்றார். ஆரத்துக்கு 11,000 டாலரும், வளையல்களுக்கு 3,300 டாலரும், மோதிரத்துக்கு 1,100 டாலரும் கிடைத்தன. அவருடைய ஆண்டுச் சம்பளம் 80,000 டாலர். அந்நிலையில் அவருக்குரிய விகிதம் 30 சதவீத வருமான வரியும் 2 சதவீத மருத்துவக் காப்பு வரியுமாக 32 சதவீதம் ஆகும்.

மோதிரத்தின் கொள்விலை 500 டாலருக்குக் குறைவு. ஆகவே அதன் ஆதாயத்துக்கு வரி இல்லை. ஆரத்தின் ஆதாயம் 7,000 டாலர். அது ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அவரிடம் இருந்ததால் பாதி கழிந்து 3,500 டாலர் மட்டுமே வருமானத்தில் சேரும். அதற்கான வரி 1,120 டாலர். வளையல்களின் ஆதாயம் 700 டாலர். மாமியார் அவற்றை நெடுங்காலம் வைத்திருந்தவராயினும், மருமகளிடம் அவை இருந்தது ஒன்பது மாதங்கள் மட்டுமே. எனவே முழு 700 டாலரும் சேர்ந்து, வரி 224 டாலர் ஆகிறது. ஆக மொத்த வரி 1,344 டாலர்.

வளையல்களை மட்டும் 2025 ஆகஸ்ட் 19 வரை வைத்திருந்து அதே விலைக்கு விற்றிருந்தால், விகிதமும் மாறாதிருப்பின், அவற்றுக்கான வரி 112 டாலராகக் குறைந்திருக்கும். இதற்கிடையில் தங்கத்தின் விலை சரிந்தால் அந்த இலாபம் மறைந்துவிடும். காத்திருப்பதா என்பதை முடிவுசெய்யும்போது இரண்டையும் எடைபோட வேண்டும். மாறாக, ஆரத்தின் கழிவைக் கணக்கில் எடுக்காமல் முழு 7,000 டாலரையும் வருமானத்தில் சேர்த்திருந்தால், அவர் தேவையின்றி 1,120 டாலர் கூடுதலாகச் செலுத்தியிருப்பார்.

இந்தியாவில் விற்றால்

குடியிருப்பாளர் ஊருக்குச் சென்று நகையை விற்றாலும் அந்த ஆதாயத்தை ஆஸ்திரேலிய வரிக் கணக்கில் காட்ட வேண்டும். இந்தியாவிலும் வரி எழும். அங்கே கால எல்லை 24 மாதங்கள்; அதற்கு மேல் வைத்திருந்த நகையின் ஆதாயத்துக்கு, 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம் வரி. அன்பளிப்பாக வந்த நகைக்குக் கொடுத்தவரின் காலமும் அங்கே சேர்த்து எண்ணப்படும். இந்திய விதியை இங்கேயும் பொருந்துமெனக் கொள்வதாலேயே அன்பளிப்பு நகைகளில் பிழை நேர்கிறது. இந்தியாவில் செலுத்திய வரிக்கு, உரிய சான்று இருப்பின், ஆஸ்திரேலிய வரியில் ஈடு கோரலாம்.

வைத்திருக்க வேண்டிய சான்றுகள்

வாங்கிய பற்றுச்சீட்டு, அன்பளிப்பு வந்த நாளைக் காட்டும் புகைப்படம் அல்லது கடிதம், குடியிருப்பாளரான நாளைக் காட்டும் விசா ஆவணம், விற்ற கடையின் எடைச்சீட்டு ஆகியவற்றைப் பாதுகாத்தல் வேண்டும். பழைய நாளின் மதிப்பு எழுதிவைக்கப்படாதிருந்தால், நகை கைவிட்டுப் போவதற்கு முன்பே தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் காட்டி, அந்நாளுக்குரிய மதிப்பை எழுத்தில் பெறலாம். கல்லும் அரக்கும் நீங்கிய நிகர எடை, தங்கத்தின் தரம் ஆகிய இரண்டும் அதில் குறிக்கப்பட்டிருத்தல் நன்று. நகையை உருக்கிய பின் இவற்றை மெய்ப்பிக்க வழியில்லை.

ஜூன் 30இல் முடியும் நிதியாண்டுக்குரிய வரிக் கணக்கில் மூலதன ஆதாயப் பகுதியில் இவ்விவரங்களைக் காட்ட வேண்டும். மரபுரிமை, விசா மாற்றம் ஆகியவை கலந்த நிலையில் பதிவுபெற்ற வரி முகவரின் அறிவுரையை நாடுதல் நலம். ஆஸ்திரேலிய வரி அலுவலகத்துடன் தமிழில் பேச விரும்புவோர் 13 14 50 என்னும் மொழிபெயர்ப்புச் சேவை எண்ணை அழைத்து, 13 28 61 என்னும் வரி அலுவலக எண்ணுடன் இணைக்குமாறு கேட்கலாம்.