போனைக் கவிழ்த்து வைத்தால் டேட்டா மிச்சமாகாது

சம்பா அறுவடை முடிந்தால் ஒரத்தநாடு பக்கம் எங்களுக்கு அடுத்த வேலை, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டுக் காவல் கிடப்பது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் காயவைத்து மறுபடி வரிசை. தார்ப்பாய் போர்த்திய குவியலுக்குப் பக்கத்தில் இளையராஜா பாட்டுதான் துணை. இருட்டியதும் யூடியூப் மியூசிக்கில் போட்டால், பத்து மணிக்குள் அன்றைய 1.5 ஜிபி தீர்ந்துவிடும். விடிவதற்குள் சார்ஜும் போய்விடும்.

கடைக்காரர் பேட்டரி போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார். காசு போனதுதான் மிச்சம். அதைவிட மோசம் என் மச்சான் சொன்ன யோசனை: "வெளிச்சத்தைக் கொறச்சு கவுத்து வச்சிடுங்க அத்தான், டேட்டா போவாது." அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பல ராத்திரி வீணானது. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் படம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

720p வீடியோ மணிக்குச் சுமார் 700 எம்பி தின்னும். பாட்டுக்குப் பாட்டு கூடக் குறைய இருக்கும். அதே பாட்டு வெறும் ஆடியோவாக, விநாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் வந்தால், மணிக்கு 58 எம்பிதான். வீடியோவில் இரண்டு மணி நேரத்தில் தீர்கிற 1.5 ஜிபி, ஆடியோவில் ஒரு நாள் முழுக்க வரும்.

சார்ஜ் கணக்கும் அப்படித்தான். வீடியோ ஓடும்போது திரை, படத்தை விரித்துக் காட்டும் சிப், சிக்னல் வாங்கும் மோடம் மூன்றும் சேர்ந்து இழுக்கும். வயல் நடுவில் சிக்னல் பலவீனம் என்பதால் மோடம் இன்னும் திணறும். ஆடியோ கொஞ்சமாக இறங்கி நிற்கும். மோடம் நடுநடுவே ஓய்வெடுக்கும், திரையும் அணைந்திருக்கும்.

பாட்டு ஓடும் திரையின் மேலே Song, Video என்று இருக்கும். Song-ஐத் தொட்டால் போதும். ஒவ்வொரு பாட்டுக்கும் தொட முடியாது என்றால் Settings-இல் Don't play music videos என்பதைப் போட்டுவிடுங்கள். சந்தா கட்டினால்தான் இப்படி ஆடியோ மட்டும் ஓடும், திரையை அணைத்தும் கேட்கலாம். தண்டச் செலவு என்று வீட்டில் சொன்னார்கள். வீணாய் மாற்றிய பேட்டரிக் காசில் பல மாதச் சந்தா கட்டியிருக்கலாம். சந்தா வேண்டாம் என்பவர்கள் சாதா யூடியூபில் 144p வைக்கலாம். டேட்டா பெரும்பாலும் மிஞ்சும். திரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால் சார்ஜ் அவ்வளவாக மிஞ்சாது.

மிச்சமாகிறதா என்று போன் செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். எந்த ஆப் எவ்வளவு டேட்டா, எவ்வளவு பேட்டரி தின்றது என்று தனித்தனியாகக் காட்டும்.

பலருக்குத் தெரியாதது ஒன்று. நாள் டேட்டா தீர்ந்த பிறகும் என் பிளானில் 64 கிலோபிட் வேகம் ஓடும். அதில் வீடியோ அசையாது. ஆனால் Audio quality on mobile network-ஐ Low-இல் வைத்தால் பாட்டுக்கு 48 கிலோபிட்டே போதும். சிக்னல் நிலையாக இருந்தால் நிற்காமல் பாடும். திருவையாறு ஆராதனைக் கச்சேரி போல யாரோ எடுத்துப் போட்ட வீடியோக்களுக்கு மட்டும் இணையான ஆடியோ இருக்காது, Song பொத்தானும் வராது. அவற்றை வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு கிளம்புங்கள்.