இரண்டு எல்லைகளுக்கு அப்பால் கடல்

நம்பிக்கை: கடலிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் நாடுதான் இரட்டை நிலம்சூழ் நாடு.

தூரத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பூமியில் கடற்கரையிலிருந்து மிகவும் விலகிய இடம் சீனாவின் ஷின்ஜியாங் பகுதியின் வடக்கில் இருக்கிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைக் காண ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் கடக்க வேண்டும். ஆனாலும் நீண்ட கடற்கரை கொண்ட சீனாவை யாரும் நிலம்சூழ் நாடு என்பதில்லை. மறுபக்கம், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் லீக்டன்ஸ்டைனின் தலைநகர் வாடுஸிலிருந்து இத்தாலியின் ஜெனோவா துறைமுகம் நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர்தான். அந்தச் சின்ன நாடுதான் உலகில் உள்ள இரண்டே இரட்டை நிலம்சூழ் நாடுகளில் ஒன்று. மற்றது உஸ்பெகிஸ்தான்.

எண்ண வேண்டியவை எல்லைகள். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, கடற்கரை இல்லாத நாடு நிலம்சூழ் நாடு என்று ஒரே வரியில் வரையறுத்து முடித்துவிடுகிறது. ‘இரட்டை’ என்ற வகை அந்தச் சட்டத்தில் இல்லை. அது புவியியலாளர்கள் வகுத்தது. தனக்கும் கடற்கரை இல்லை, தன்னைத் தொடும் அண்டை நாடுகளில் ஒன்றுக்கும் கடற்கரை இல்லை என்றால் அது இரட்டை நிலம்சூழ் நாடு. கடலுக்குப் போகக் குறைந்தது இரண்டு எல்லைகளைத் தாண்டியே ஆக வேண்டும். ஆக, ஒரு நாடு இந்த வகையில் சேருமா என்பதை அதன் அண்டை நாடுகளின் வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நம்பிக்கை: ஒரே நாடு நாலாபுறமும் வளைத்திருந்தால் அது இரட்டை முற்றுகை.

லெசோத்தோவைத் தென்னாப்பிரிக்கா முழுவதுமாகச் சூழ்ந்திருக்கிறது. சான் மரினோவையும் வத்திக்கானையும் இத்தாலி சூழ்ந்திருக்கிறது. சூழ்ந்திருக்கும் நாட்டுக்குக் கடற்கரை இருப்பதால் தாண்ட வேண்டியது ஒரே எல்லைதான். எனவே இவை வெறும் நிலம்சூழ் நாடுகள் மட்டுமே. வரைபடத்தில் பார்த்தால் மூச்சு முட்டுவது போலத் தோன்றும். வரையறை அந்தத் தோற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

நம்பிக்கை: நிலம்சூழ் நாடுகள் ஆப்பிரிக்காவில்தான் அதிகம், ஆகவே இரட்டைச் சிக்கலும் அங்கேதான்.

முதல் பாதி சரி. வத்திக்கானையும் சேர்த்தால் உலகில் 44 நிலம்சூழ் நாடுகள். ஆப்பிரிக்காவில் 16, ஐரோப்பாவில் 14, தென் காகசஸின் அர்மீனியாவையும் அஜர்பைஜானையும் சேர்த்து ஆசியாவில் 12, தென் அமெரிக்காவில் பொலிவியா, பராகுவே என இரண்டு. வட அமெரிக்காவிலும் ஓசியானியாவிலும் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் ஆப்பிரிக்காவின் 16இல் ஒன்றுகூட இரட்டை வகையில் வராது. ஒவ்வொன்றுக்கும் கடற்கரையுள்ள ஓர் அண்டை நாடாவது உண்டு: உகாண்டாவுக்குக் கென்யா, ருவாண்டாவுக்குத் தான்சானியா, புர்கினா ஃபாசோவுக்குக் கானா. மங்கோலியா சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே அகப்பட்டிருப்பது போலத் தெரிந்தாலும், இரண்டுக்கும் கடற்கரை இருக்கிறது.

மத்திய ஆசியாவுக்கு வந்தால்தான் வரையறை எவ்வளவு நுட்பமானது என்று புரியும். உஸ்பெகிஸ்தானைத் தொடுபவை ஐந்து நாடுகள்: கஜகஸ்தான், துர்க்மெனிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், ஆப்கானிஸ்தான். ஐந்துக்கும் கடற்கரை இல்லை. ஆனால் அந்த ஐந்தில் எதுவும் இரட்டை நிலம்சூழ் நாடு ஆகாது. கிர்கிஸ்தானுக்கும் தஜிகிஸ்தானுக்கும் கிழக்கே சீனா இருக்கிறது. கஜகஸ்தானுக்குச் சீனாவோடு ரஷ்யாவும் உண்டு. துர்க்மெனிஸ்தான் ஈரானைத் தொடுகிறது. ஆப்கானிஸ்தான் ஈரானையும் பாகிஸ்தானையும் தொடுகிறது. சுற்றியிருக்கும் ஐவருக்கும் ஆளுக்கொரு வாசல் இருக்க, நடுவில் இருக்கும் உஸ்பெகிஸ்தானுக்கு மட்டும் அது இல்லை.

நம்பிக்கை: காஸ்பியன் கடல் இருக்கும்போது கஜகஸ்தானுக்குக் கடற்கரை இல்லை என்பது எப்படி?

இது நியாயமான கேள்வி. உஸ்பெகிஸ்தானின் தகுதி முழுக்க இதன் விடையில்தான் தொங்குகிறது. காஸ்பியனைக் கடல் என்று கொண்டால் கஜகஸ்தானும் துர்க்மெனிஸ்தானும் கடற்கரை நாடுகள் ஆகிவிடும். அந்த நொடியே உஸ்பெகிஸ்தான் இரட்டை வகையிலிருந்து சாதாரண வகைக்கு இறங்கிவிடும்.

காஸ்பியனின் நீர் உப்பானது, பரப்பும் மிகப் பெரியது. ஆனால் அது உலகப் பெருங்கடல்களோடு சேராமல் நிலத்துக்குள் அடைபட்ட நீர்நிலை. அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கீழே இருக்கிறது. கப்பல்கள் வெளியேற வோல்கா ஆற்றில் ஏறி, 1952இல் திறக்கப்பட்ட வோல்கா–தோன் கால்வாயின் மதகுகளைக் கடந்து, அசோவ் கடலுக்கு வர வேண்டும். அந்த வழி முழுவதும் ரஷ்யாவுக்குள் இருக்கிறது. 2018இல் கஜகஸ்தானின் அக்தாவ் நகரில் ஐந்து கரையோர நாடுகளும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, காஸ்பியனைக் கடலென்றும் ஏரியென்றும் வகைப்படுத்தாமல், அதற்கென்றே தனி விதிகளை வகுத்தது. எனவே நிலம்சூழ் நாடுகளின் பட்டியல் மாறவில்லை.

உஸ்பெகிஸ்தானுக்கே ஆரல் கடல் இருக்கிறதே என்பவர்களுக்கும் இதே பதில்தான். அது பெயரில் மட்டும் கடல். அதில் வந்து கலக்கும் ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பிய பிறகு அந்த ஏரியின் பெரும்பகுதியும் வற்றிப்போனது.

நம்பிக்கை: இது மலையும் ஆறும் போல மாறாத புவியியல் உண்மை.

லீக்டன்ஸ்டைனின் வரலாறு இதை மறுக்கிறது. அதற்கு இரண்டே அண்டை நாடுகள்: சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும். 1918 வரை கிழக்கே இருந்தது ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசு; அதற்கு ட்ரியெஸ்ட் துறைமுகம் இருந்தது. முதல் உலகப் போரில் பேரரசு சிதறி ஆஸ்திரியா கடற்கரையை இழந்ததும், தன் எல்லை ஓர் அங்குலம்கூட நகராமலே லீக்டன்ஸ்டைன் இரட்டை நிலம்சூழ் நாடானது. 1938இல் ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபோது, அதன் கிழக்கு அண்டை மீண்டும் கடற்கரையுள்ள நாடு. 1945இல் அது பழைய நிலைக்குத் திரும்பியது. சோவியத் ஒன்றியம் கலைந்து 1991இல் உஸ்பெகிஸ்தான் தனிநாடாகும்வரை, இந்த வகையில் லீக்டன்ஸ்டைன் மட்டுமே இருந்தது.

நம்பிக்கை: இரட்டை நிலம்சூழ் நிலை என்றாலே இரட்டைச் சுமை.

லீக்டன்ஸ்டைனுக்கு அப்படி இல்லை. 1923இல் அது சுவிட்சர்லாந்துடன் சுங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. சுவிஸ் ஃபிராங்கையே பயன்படுத்துகிறது. வாடுஸிலிருந்து கிளம்பும் சரக்குக்கு முதல் எல்லையில் சுங்கச் சோதனை கிடையாது. வரைபடத்தில் இரண்டு எல்லை, நடைமுறையில் ஒன்று.

உஸ்பெகிஸ்தானின் பருத்தியோ உரமோ தெற்கே பாரசீக வளைகுடாவின் வாயிலில் உள்ள பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு ரயிலில் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் துர்க்மெனிஸ்தான் எல்லை, அதன் கட்டணம், அதன் கால அட்டவணை. பிறகு ஈரான் எல்லையில் சரக்ஸ். 1996இல் அந்த இணைப்பு திறக்கப்பட்டாலும் அங்கே இன்னொரு தடை இருக்கிறது: சோவியத் கால ரயில் பாதையின் அகலம் 1,520 மில்லிமீட்டர், ஈரானுடையது 1,435. அதனால் ஒன்று பெட்டிகளின் சக்கரத் தொகுதியை மாற்ற வேண்டும், அல்லது சரக்கை இறக்கி வேறு பெட்டிகளில் ஏற்ற வேண்டும். மேற்கே ஜார்ஜியாவின் போத்தி துறைமுகத்துக்குப் போவதென்றால் கஜகஸ்தான், காஸ்பியனைக் கடக்கும் கப்பல், அஜர்பைஜான், ஜார்ஜியா என்று கைமாற்றங்கள் இன்னும் கூடும். கடல் சட்ட உடன்படிக்கையின் 125ஆம் பிரிவு நிலம்சூழ் நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையைத் தருகிறது. ஆனால் எந்த விதிமுறைகளின்படி கடந்து போவது என்பதை வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டுடனும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்தப் பேச்சைத் தாஷ்கண்ட் குறைந்தது இரண்டு தலைநகரங்களுடன் நடத்தியாக வேண்டும்.