கன்னத்துப் பக்கம் விடுங்கள்

கேள்வி: பிறந்து 20 நாளான மகளுக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுத்தால் புரையேறுகிறது, பாதி வெளியே வழிகிறது. என்ன செய்வது?

பதில்: மல்லாக்கப் படுக்கவைத்து நாக்கின் நடுவில் விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி விட்டால் மருந்து நேரே தொண்டைக்கு ஓடும். பாலூட்டுவதற்குச் சற்று முன், பசியோடு இருக்கும்போது, தலை உயர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். டிராப்பர் நுனியைக் கன்னத்தின் உட்புறம் வைத்து இரண்டு மூன்று சொட்டு விடுங்கள், விழுங்கியதும் அடுத்தது. அழும்போது வேண்டாம். முடிந்ததும் மார்பில் போட்டால், வாயில் ஒட்டியிருப்பதும் பாலோடு இறங்கிவிடும்.

பாலாடையில் பாலுடன் கலக்காதீர்கள். மீதம் வைத்தால் மருந்தும் போச்சு.

வழக்கமான அளவு நாளுக்கு 400 ஐ.யு. பாட்டிலில் ஒரு மில்லிக்கு 800 ஐ.யு. என்றிருந்தால் அரை மில்லி போதும். சில மருந்துகளில் ஒரு சொட்டிலேயே 400 இருக்கும். அதில் ஒரு சொட்டு மட்டுமே, டிராப்பர் நிறைய கொடுத்தால் ஆபத்து. புது பாட்டில் வாங்கும்போதெல்லாம் லேபிளைப் படியுங்கள், பழைய டிராப்பரை மாற்றிப் போடாதீர்கள். கொஞ்சம் கக்கினாலும், ஒருநாள் மறந்தாலும் ஈடுகட்ட வேண்டாம். மறுநாள் வழக்கமான அளவே. இருமல் நிற்காமல் முகம் நீலம் பாய்ந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.