காணாமற்போன ஸ்கூட்டர்: ஒப்படைப்பும் கவனக் கடமையும்

ஒப்பந்தச் சட்டத் தேர்வில் வரக்கூடிய வினா ஒன்றைப் பார்ப்போம். ஒருவர் திங்கட்கிழமை தம் ஸ்கூட்டரைப் பழுதுபார்க்கும் கடையில் விடுகிறார். வியாழக்கிழமை மாலை திருப்பித் தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொள்கிறார். புதன்கிழமை இரவு வண்டி களவு போகிறது. இழப்பு யாரைச் சாரும்?

ஒரு நோக்கத்திற்காகப் பொருளைக் கொடுத்து, அந்நோக்கம் நிறைவேறியதும் திரும்பப் பெறுவதாக ஒப்பந்தம் செய்வது ‘ஒப்படைப்பு’ ஆகும் (இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 148). வண்டி கடைக்காரர் வசம் வந்தவுடனேயே அவர் ஒப்படைப்பு பெற்றவர் ஆகிறார்.

மாணவர் பலர், “திருடியவன் வேறொருவன், ஆகவே கடைக்காரர் பொறுப்பல்லர்” என்று எழுதிவிடுகின்றனர். சிலர், “வண்டி அவரிடம் இருந்தது, ஆகவே அவரே பொறுப்பு” என்கின்றனர். இரண்டும் அரைகுறை விடைகளே. சாதாரண விவேகமுள்ள ஒருவர், அதே சூழ்நிலையில், அதே அளவும் தரமும் மதிப்பும் உடைய தம் சொந்தப் பொருளை எவ்வாறு காப்பாரோ அவ்வாறு காக்க வேண்டும் என்பது பிரிவு 151. அவ்வளவு கவனம் எடுத்திருந்தால், வேறு சிறப்பு ஒப்பந்தம் இல்லாதபோது, இழப்புக்கு அவர் பொறுப்பல்லர் என்பது பிரிவு 152. கூலி வாங்காமல் செய்துதரும் வேலைக்கும் இந்த அளவுகோல் மாறாது.

இரவில் வண்டி தெருவோரம் சாவியுடன் நின்றிருந்தால் கடைக்காரர் பொறுப்பாவார். “என் வண்டியும் அங்கேதான் நின்றது” என்ற வாதம் அவருக்கு உதவாது. அளவுகோல் அவருடைய வழக்கமன்று, விவேகமுள்ளவரின் வழக்கமே. வண்டியை உள்ளே நிறுத்தி, கதவை இறக்கி, நல்ல பூட்டுப் போட்டிருந்தும் திருடர் பூட்டை உடைத்துக் கொண்டுபோயிருந்தால், அவர் பொறுப்பிலிருந்து விடுபடலாம். ஆனால் உரிய கவனம் எடுத்ததை மெய்ப்பிக்க வேண்டியவர் அவரே. மூடிய கடைக்குள் இரவில் நடந்ததை வாடிக்கையாளர் எவ்வாறு அறிவார்?

இனி வினாவில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். வியாழன் மாலை வாடிக்கையாளர் கூலியுடன் வருகிறார். வேலை முடிந்திருந்தும் கடைக்காரர், “நாளை மறுநாள் வாருங்கள்” என்று அனுப்பிவிடுகிறார். வெள்ளி இரவு பூட்டு உடைக்கப்பட்டு வண்டி களவு போகிறது. பூட்டு முன்பு சொன்ன அதே நல்ல பூட்டுத்தான். ஆயினும் இப்போது கடைக்காரர் பொறுப்பாவார். அவருடைய தவறால் உரிய காலத்தில் பொருள் திரும்பவில்லையெனில், அதன்பின் நேரும் இழப்பு அவரையே சாரும் (பிரிவு 161). எடுத்த கவனம் இங்கே அவரைக் காப்பாற்றாது.

வாடிக்கையாளரே வியாழனன்று வராமலோ, கூலி தராமலோ இருந்தால் தாமதம் கடைக்காரரின் தவறாகாது. கூலி பெறும்வரை வண்டியை நிறுத்திவைக்கப் பிரிவு 170 அவருக்கு உரிமை தருகிறது. அப்போது மீண்டும் பிரிவு 151-க்கே திரும்ப வேண்டும். ஆகவே விடைத்தாளில் கிழமைகளை முதலில் குறித்துக்கொள்க. பூட்டை அதன்பின் ஆராய்க.